கார்டில் செலுத்திய பணம் கடைக்காரர் கணக்குக்கு எப்போது வரும்? டர்பன் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“மெஷினில் APPROVED என்று வந்துவிட்டது. வாடிக்கையாளரின் கைப்பேசிக்கும் பணம் கழிந்த செய்தி போய்விட்டது. என் கணக்கில் மட்டும் ஒன்றும் இல்லை. பணம் எங்கே இருக்கிறது?”

வாடிக்கையாளரின் வங்கியிலேயே இருக்கிறது. மெஷினில் தெரியும் அந்தச் சொல் பணம் நகர்ந்ததைக் குறிப்பதன்று. பணம் தருவதாக வாடிக்கையாளரின் வங்கி வாக்குக் கொடுத்ததை மட்டுமே குறிக்கிறது.

அட்டையை மெஷினில் வைத்த அந்தச் சில நொடிகளில் ஒரு கேள்வி உங்கள் வங்கிக்குச் சென்று, அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பின் வழியாக வாடிக்கையாளரின் வங்கியை அடைகிறது. அட்டை செல்லுமா, கணக்கில் இருப்பு உண்டா, சந்தேகத்துக்கு இடம் இருக்கிறதா என்று அந்த வங்கி பார்த்து, சரி என்றால் ஓர் ஒப்புதல் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அதே நேரத்தில் வாடிக்கையாளர் அந்தத் தொகையை வேறு எதற்கும் செலவிட முடியாதபடி அதை ஒதுக்கியும் வைக்கிறது. அவருக்குப் போகும் செய்தி பெரும்பாலும் இந்த ஒதுக்கீட்டைப் பற்றியதுதான். “என் கணக்கில் கழிந்துவிட்டது” என்று அவர் சொல்வதும் உண்மை, “எனக்கு வரவில்லை” என்று நீங்கள் சொல்வதும் உண்மை. இருபது ஆண்டுகளாகச் சாட்ஸ்வர்த் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி வரும் எனக்கு, கடை வாசலில் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம் இந்த ஒரு புரிதல் இன்மையே என்று தோன்றுகிறது.

“அப்படியானால் அது எப்போது புறப்படுகிறது?”

அன்றைய விற்பனைகள் ஒரு கட்டாகச் சேர்த்து அனுப்பப்பட்ட பிறகுதான். சில மெஷின்களில் இதைக் கடைக்காரரே BANKING அல்லது SETTLEMENT என்ற பொத்தானை அழுத்திச் செய்ய வேண்டும். பலவற்றில் குறிப்பிட்ட நேரம் வந்ததும் அது தானாக நடந்துவிடும். அந்த நேரத்தைத்தான் கட் ஆஃப் நேரம் என்கிறோம். அதற்கு ஒரு நிமிடம் முன்பு நடந்த விற்பனை இன்றைய கணக்கிலும், ஒரு நிமிடம் பின்பு நடந்தது நாளைய கணக்கிலும் சேரும்.

கட்டு அனுப்பப்பட்டதும் உங்கள் வங்கி அதைப் பிரித்து, எந்தெந்த வங்கியின் அட்டைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, கணக்குத் தீர்க்கும் அமைப்புக்கு அனுப்புகிறது. தென்னாப்பிரிக்க வங்கிகளுக்கு இடையே இத்தகைய வேலையைச் செய்துவரும் முக்கிய நிறுவனம் பேங்க்சர்வ் ஆப்பிரிக்கா. 2025இல் அது பேஇன்க் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு வங்கியும் மற்றொன்றுக்கு மொத்தத்தில் எவ்வளவு தர வேண்டும் என்பது முடிவான பிறகு, அந்தத் தொகை ரிசர்வ் வங்கியில் உள்ள சாமோஸ் என்ற முறையின் வழியாகக் கைமாறுகிறது. 1998 முதல் இயங்கி வரும் இந்த முறையில், வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்கும் கணக்குகளுக்கு இடையே பணம் மாறும். அங்கே மாறிய பணத்தை யாரும் திரும்பக் கேட்க முடியாது என்பதால், உண்மையில் பணம் நகர்ந்த கணம் என்று அதையே சொல்ல வேண்டும். அதன் பிறகோ, அதை எதிர்பார்த்துச் சற்று முன்னரோ, உங்கள் வங்கி உங்கள் கணக்கில் வரவு வைக்கிறது.

“மெஷின் ஒரு நொடியில் பேசிவிடுகிறது. வங்கிகள் மட்டும் ஏன் ஒரு நாள் எடுத்துக்கொள்கின்றன?”

ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனியாகப் பணத்தை நகர்த்தாமல், மொத்தமாகக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் தருவதால்தான்.

அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கும் இருவர் நாள் முழுவதும் ஒருவரிடம் மற்றவர் அரிசியும் சில்லறையும் கைமாற்றாக வாங்கிக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. இருவரும் குறித்து வைத்துக்கொண்டு மாலையில் பற்று வரவைப் பார்ப்பார்கள். முதலாமவர் 900 ராண்ட் தர வேண்டும், இரண்டாமவர் 700 ராண்ட் தர வேண்டும் என்றால், 200 ராண்ட் மட்டும் கைமாறும். வங்கிகள் செய்வதும் இதுவே. உங்கள் வங்கியின் அட்டைகள் மற்ற வங்கிகளின் கடைகளிலும், அவற்றின் அட்டைகள் உங்கள் வங்கியின் கடைகளிலும் நாள் முழுவதும் தேய்க்கப்படுகின்றன. இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் கடைசியில் நகர வேண்டிய தொகை மிகச் சிறிது. அதற்காக ஒவ்வொரு வங்கியும் ரிசர்வ் வங்கியில் பூட்டி வைக்க வேண்டிய பணமும் குறைகிறது. ஆனால் கழிப்பதற்கு எல்லாரும் எங்கோ ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டாக வேண்டும். நீங்கள் காத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி அந்த நிறுத்தத்திலிருந்து வருவது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒப்புதலுக்கும் தீர்வுக்கும் நடுவே தொகை மாறக்கூடும். தவறாக அடித்த விற்பனையை நீங்கள் ரத்துச் செய்யலாம். உணவகத்தில் அன்பளிப்புத் தொகை சேரலாம். நாளின் முடிவில் இறுதிப் பட்டியல் வந்த பிறகு நகர்த்தினால் இந்தத் திருத்தங்கள் பணம் நகர்வதற்கு முன்பே முடிந்துவிடும்.

“புனித வெள்ளி வாரம் விற்ற பணம் அடுத்த புதன்கிழமைதான் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?”

இல்லை, கணக்கை நாள் வாரியாகப் பிரித்தால் விளங்கிவிடும். மவுண்ட் எட்ஜ்கூம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருவோரிடம் பூ, கற்பூரம், தேங்காய், மஞ்சள் துணி விற்கும் ஓர் அக்காவுக்காக 2025ஆம் ஆண்டு நான் போட்டுக் காட்டிய கணக்கை, தொகைகளை முழு எண்ணாக்கி இங்கே தருகிறேன். அவருடைய ஒப்பந்தத்தின்படி கட் ஆஃப் நேரம் இரவு 8 மணி, பணம் வருவது “அடுத்த வேலை நாள்”, சனி ஞாயிறும் அரசு விடுமுறைகளும் வேலை நாள் அல்ல, கட்டணம் 2.75 சதவீதம், அதன் மேல் 15 சதவீத வாட் வரி.

ஏப்ரல் 17, வியாழன். இரவு 8 மணிக்குள் 8,000 ராண்டுக்கு விற்றார். இது வியாழன் கணக்கு. அடுத்த நாள் புனித வெள்ளி, பிறகு சனி, ஞாயிறு, திங்கள் குடும்ப நாள் விடுமுறை. ஆகவே அடுத்த வேலை நாள் ஏப்ரல் 22, செவ்வாய். கட்டணம் 220 ராண்ட், அதற்கு வாட் 33 ராண்ட், கணக்கில் வந்தது 7,747 ராண்ட்.

வியாழன் இரவு 8 மணிக்குப் பிறகு 2,400, வெள்ளியன்று 14,600, சனியன்று 3,000, ஆக 20,000 ராண்ட். இந்த விற்பனைகள் நடந்தபோது எந்த வேலை நாளும் திறந்திருக்கவில்லை. அதனால் இவை அனைத்தும் செவ்வாய்க் கணக்காகக் கொள்ளப்பட்டு, அதற்கு அடுத்த வேலை நாளான புதன் ஏப்ரல் 23 அன்று வந்தன. கட்டணம் 550, வாட் 82.50. சனிக்கிழமை ஒருவருக்கு 400 ராண்டைக் கார்டிலேயே திருப்பிக் கொடுத்திருந்தார். அதுவும் இதில் கழிந்தது. வந்தது 18,967.50 ராண்ட். திருப்பிக் கொடுத்த விற்பனைக்குப் பிடித்த கட்டணம் திரும்பி வரவில்லை; எல்லாரும் இப்படிச் செய்வதில்லை என்பதால் உங்கள் ஒப்பந்தத்தில் இதைத் தேடிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் விற்ற தேங்காயின் பணம் ஐந்து நாள் கழித்து வந்தது. ஆனால் அந்த அக்காவுக்குப் பூ கொடுத்த தோட்டக்காரர் சனிக்கிழமையே ரொக்கம் கேட்டார். உண்மையான இடர் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆண்டு அதே மாதக் கடைசியில் இன்னொரு முறையும் இப்படி நேர்ந்தது: ஏப்ரல் 27 சுதந்திர நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் சட்டப்படி திங்களும் விடுமுறையாயிற்று, மே 1 வியாழன் தொழிலாளர் நாள். விடுமுறைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வார இறுதிக்கு முன்னரே சரக்குக்கான ரொக்கத்தை ஒதுக்கி வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியாது.

எல்லா வழங்குநர்களும் இதே விதியைப் பின்பற்றுவதில்லை. சிலர் சனிக்கிழமையையும் வேலை நாளாகக் கொள்கிறார்கள். சிலர் விடுமுறை நாள் விற்பனைகளையும் சேர்த்துச் செவ்வாயன்றே தந்துவிடுகிறார்கள். “வேலை நாள்” என்பதற்கு உங்கள் ஒப்பந்தம் தரும் பொருளை ஒரு முறையாவது முழுவதும் படித்துவிடுங்கள்.

“பக்கத்துக் கடைக்காரருக்கு மறுநாளே காலையில் வருகிறது. எனக்கு மட்டும் ஒரு நாள் தள்ளி வருகிறது. ஏன்?”

அவர் மெஷினை நேரடியாக வங்கியிடமிருந்தும், நீங்கள் இடைநிலை நிறுவனம் ஒன்றிடமிருந்தும் வாங்கியிருக்கக்கூடும். கடையில் விலை கொடுத்து வாங்கி, கைப்பேசியோடு இணைத்து, அன்றே விற்பனையைத் தொடங்கும் சிறிய மெஷின்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் வங்கி அமைப்பிலிருந்து வரும் பணம் முதலில் அந்த நிறுவனத்தின் கணக்குக்குச் செல்கிறது. பல ஆயிரம் கடைகளின் பணம் அங்கே ஒன்றாக வந்து சேரும். நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, ஒவ்வொரு கடைக்கும் உரிய தொகையைச் சாதாரண வங்கி மாற்றல் வழியாக அனுப்புகிறது.

ஆகவே உங்கள் பணம் இரண்டு பயணம் செய்கிறது. இரண்டாவது பயணம் ஒரே வங்கிக்குள் என்றால் உடனே முடியும். வெவ்வேறு வங்கிகளுக்கு இடையே என்றால் இன்னொரு வேலை நாள் ஆகலாம். உங்கள் நிறுவனம் எந்த வங்கியிலிருந்து அனுப்புகிறது என்று கேட்டு, அதே வங்கியில் ஒரு கணக்குத் திறந்த சிலருக்கு இந்த ஒரு நாள் மிச்சமானதைப் பார்த்திருக்கிறேன்.

“கிரெடிட் கார்டில் வாங்கியவர் அடுத்த மாதம்தான் வங்கிக்குக் கட்டுவார். அதுவரை நான் காத்திருக்க வேண்டுமா?”

வேண்டாம். கடன் கொடுப்பது அவருடைய வங்கி. அது உங்கள் வங்கிக்கு வழக்கமான நாளிலேயே பணத்தைத் தந்துவிடும். அவர் பிறகு கட்டாமல் போனாலும் அந்த நட்டம் அவருடைய வங்கியைச் சேர்ந்தது. கிரெடிட் கார்டு விற்பனைக்குக் கட்டணம் பெரும்பாலும் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“பேஷாப் வழியாக அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. கார்டையும் அப்படியே செய்யக்கூடாதா?”

2023 மார்ச்சில் தொடங்கிய பேஷாப், கைப்பேசி எண்ணையே முகவரியாகக் கொண்டு ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகப் பணத்தை அனுப்புகிறது. தொடக்கத்தில் ஒரு முறைக்கு 3,000 ராண்ட் என்றிருந்த உச்சவரம்பு பின்னர் 50,000 ராண்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் வங்கி அவருக்கு இதைவிடக் குறைந்த வரம்பை வைத்திருக்கலாம்.

இங்கே பணத்தைத் தள்ளுபவர் வாடிக்கையாளர். தன் வங்கிச் செயலிக்குள் நுழைந்து, தானே உறுதி செய்து அனுப்புகிறார். அனுப்பிய பிறகு திரும்பப் பெற முடியாது. எனவே பெறும் வங்கி அச்சமின்றி உடனே வரவு வைக்கிறது. வங்கிகளுக்கு இடையேயான தீர்வை அவை தம்முள் பின்னர் பார்த்துக்கொள்கின்றன. காத்திருப்பு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, உங்கள் தோளிலிருந்து வங்கிகளின் தோளுக்கு மாறியிருக்கிறது.

கார்டில் பணத்தை இழுப்பவர் நீங்கள். பொருள் வரவில்லை, அட்டை திருட்டுப்போனது, தொகை தவறு என்று வாடிக்கையாளர் பிறகு முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற முடியும். அந்த உரிமை இருக்கும்வரை உங்கள் வங்கி கொஞ்சம் தயங்கவே செய்யும். கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு கார்டுப் பணத்தையும் அன்றே தரும் வழங்குநர்கள் உண்டு. அது அவர்கள் தங்கள் கையிருப்பிலிருந்து தரும் முன்பணம். வாரம் ஒருமுறை அவசரத்துக்குப் பயன்படுத்தினால் குற்றமில்லை. நாள்தோறும் பயன்படுத்தினால் ஆண்டுக் கடைசியில் அந்தக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள், மனம் கசந்துவிடும்.

“வாடிக்கையாளர் பணம் அனுப்பியதற்கான ரசீதைக் கைப்பேசியில் காட்டினார். சரக்கைக் கொடுத்துவிடலாமா?”

கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் அந்தத் தொகை சேர்ந்த பிறகு கொடுங்கள். சாதாரண மாற்றல் வேறு வங்கியிலிருந்து வர ஒரு வேலை நாளுக்கு மேலும் ஆகலாம். ரசீதுப் படமோ ஒரு நிமிடத்தில் போலியாகச் செய்யக்கூடியது. வெள்ளிக்கிழமை மாலை, கடை மூடும் நேரத்தில், பெரிய தொகைக்கு இப்படி ஒரு படம் காட்டப்பட்டால் இரட்டிப்புக் கவனம் தேவை, ஏனெனில் உண்மை தெரிய உங்களுக்குத் திங்கள்கிழமை ஆகிவிடும்.

“திடீரென்று என் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை என்கிறார்கள். இது சரியா?”

வழக்கமாக 300, 400 ராண்டுக்கு விற்கும் கடையில் ஒரே நாளில் 40,000 ராண்ட் விற்பனை வந்தால், கணக்கைக் கண்காணிக்கும் பிரிவு அதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கும். விலைச்சீட்டு, சரக்கு ஒப்படைத்த கையெழுத்து, வாடிக்கையாளருடன் நடந்த செய்திப் பரிமாற்றம் ஆகியவற்றை உடனே அனுப்பினால் விரைவில் விடுவிப்பார்கள்.

முன்பணம் வாங்கும் தொழில்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். கல்யாணச் சமையலுக்கு ஆறு மாதம் முன்னதாகவே கார்டில் முன்பணம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி பல வகை முறையீடுகளுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. வருங்காலச் சேவையாக இருந்தால் அந்த நாள்களைச் சேவை நடக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். நடுவில் சமையல்காரர் தொழிலை மூடிவிட்டால், வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு சமையல்காரருடைய வங்கியின் தலையில் விழுகிறது. அதனால்தான் இத்தகையோரிடம் விற்பனையின் ஒரு பகுதியை மாதக்கணக்கில் பிடித்து வைக்கிறார்கள். இது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் சட்டப்படி சரி. ஆனால் எத்தனை சதவீதம், எத்தனை நாள், எந்தத் தேதியில் விடுவிப்பு என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழங்குநர் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் பணத்தை ஏழு வாரம் பிடித்து வைத்திருந்தார்; தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் “அடுத்த வாரம்” என்றார்கள். எழுத்தில் தேதி கேட்டுக் கடிதம் அனுப்பிய பிறகுதான் அது வந்தது.

“மின்வெட்டில் கைப்பேசிக் கோபுரம் செயலிழந்துவிட்டது. ஆனாலும் மெஷின் விற்பனையை ஏற்றுக்கொண்டது. அந்தப் பணம் வருமா?”

வரலாம், வராமலும் போகலாம். தொடர்பு இல்லாத நேரத்தில் விற்பனையைச் சேமித்து வைத்துக்கொள்ளும் மெஷின்கள் உண்டு. தொடர்பு திரும்பியதும் அதை அனுப்பும். வாடிக்கையாளரின் வங்கி அப்போதுதான் முதன்முறையாக அதைப் பார்க்கிறது. இருப்பு இல்லை என்று அது மறுத்துவிட்டால் நட்டம் பொதுவாகக் கடைக்காரருடையதே. சேமித்த விற்பனைகள் அனுப்பப்படும் வரை மெஷினை அணைக்காமலும், அதன் நினைவகத்தை அழிக்காமலும் வைத்திருங்கள். அறிமுகமில்லாதவரின் பெரிய தொகையை அந்த நேரத்தில் ஏற்காதீர்கள்.

“சொன்ன நாளும் கடந்துவிட்டது, பணம் வரவில்லை. யாரிடம் என்னவென்று சொல்ல வேண்டும்?”

முதலில் அந்த நாளின் மெஷின் அறிக்கையையும் வங்கி அறிக்கையையும் அருகருகே வையுங்கள். கட்டு முழுவதுமே வரவில்லையா, அல்லது ஒரே ஒரு விற்பனை குறைகிறதா என்பதைப் பொறுத்துக் காரணம் வேறுபடும்.

கட்டு முழுவதும் இல்லையென்றால், அது அனுப்பப்படவே இல்லாமல் மெஷினில் கிடக்கிறதா என்று பாருங்கள். தானாக அனுப்பும் நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால் இப்படி நேரும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். அனுப்பியிருந்தும் வரவில்லையென்றால், உங்கள் வங்கிக் கணக்கு எண் அண்மையில் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்; பழைய கணக்குக்குப் போன பணம் திரும்பி வரச் சில நாள் பிடிக்கும்.

ஒரு விற்பனை மட்டும் குறைந்தால், அதன் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒப்புதல் கிடைத்த பிறகு தொடர்பு அறுந்து, மெஷின் தானே அதை ரத்துச் செய்திருக்கக்கூடும். அப்போது வாடிக்கையாளருக்குக் கழிந்த செய்தி போயிருக்கும், உங்களுக்கோ பணம் வராது, சில நாளில் ஒதுக்கீடு நீங்கி அவருக்கே திரும்பிவிடும். சீட்டில் APPROVED என்று இருக்கிறதா, அந்த விற்பனை அன்றைய கட்டில் இருக்கிறதா என்ற இரண்டும் ஆம் என்றால் பணம் உங்களுடையது.

பிறகு மெஷின் தந்தவரை அழைத்து நான்கு விவரங்களைச் சொல்லுங்கள்: வணிகர் எண், கட்டு எண், விற்பனை நடந்த தேதியும் நேரமும், சீட்டில் RRN என்ற எழுத்துகளுக்கு எதிரே உள்ள எண். அந்த எண்ணைக் கொண்டுதான் அவர்கள் ஒரு விற்பனையை வங்கிகளுக்கு இடையே தேட முடியும். அட்டையின் முழு எண்ணையோ வாடிக்கையாளரின் பெயரையோ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பு முடிந்ததும் அவர்கள் தரும் புகார் எண்ணைச் சீட்டின் பின்புறத்தில் எழுதி, சீட்டை ஒரு படமும் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து டர்பன் வெயிலில் சில மாதங்களிலேயே மங்கிவிடும்.